வெடித்த தஞ்சாவூர்ப் படம்: ஒட்டுவதற்கு முன் ஒரு பதில்

வாசகர் கடிதம்

"1920களில் எங்கள் தாத்தா ஊருக்குப் போய்வந்தபோது வாங்கி வந்த தஞ்சாவூர்ப் படம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. ராமர் பட்டாபிஷேகம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம். டர்பனில் எங்கள் வீட்டுப் பூஜை அறையில்தான் இத்தனை காலமும் இருந்தது. அம்மா காலமானபின், மார்ச்சில் ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஜூலையில் ஒரு ராத்திரி 'டப்' என்று சத்தம். காலையில் பார்த்தால் பலகை மேலிருந்து கீழ்வரை வெடித்திருந்தது. சீதையின் புடவைப் பக்கம் செதில் செதிலாக எழும்பி, சில துண்டுகள் விழுந்துவிட்டன. என் கொழுந்தனார் ஒரு இடத்தில் வெள்ளை மரப்பசை வைத்து அழுத்திவிட்டார். கோயில் வேலைக்கு வந்திருக்கும் ஓவியர் ஒருவர், 'பின்னமான படத்தைக் கும்பிடக் கூடாது, 6,000 ரேண்ட் கொடுங்கள், புதுசாக்கித் தருகிறேன்' என்கிறார். பழைய கலைப்பொருள்களைப் பழுதுபார்த்துக் காக்கும் கன்சர்வேட்டர் ஒருவர் பார்த்து எழுதித் தரவே 1,500 ரேண்ட் கேட்கிறார். பழைய சாமான் வாங்குகிறவர், 'யாரும் தொட்டாலே விலை போய்விடும்' என்கிறார். தம்பி சென்னைக்குக் கொண்டுபோகலாம் என்கிறான். கரையான் பிடித்துவிட்டதோ என்றும் பயமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?"

— பெயர் வேண்டாம், லெனேசியா

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கரையான் என்று எனக்குத் தோன்றவில்லை. கரையான் சத்தம் போட்டு வெடிக்காது. மண் பூசிக்கொண்டு வரும், பலகையைத் தட்டினால் உள்ளே பொள்ளலாகக் கேட்கும். மரவண்டாக இருந்தால் படத்துக்குக் கீழே மாவு மாதிரித் தூள் சிந்தியிருக்கும். அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஒரு கறுப்புத் தாளைப் படத்தின் அடியில் விரித்து, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். தாளில் புதுத்தூள் இல்லையென்றால் பூச்சியைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம்.

நடந்தது வேறு. இந்தப் படம் கடலோரக் காற்றிலேயே வளர்ந்த படம். டர்பனில் வருஷம் முழுக்கக் காற்றில் ஈரம் உண்டு. பலகையும் அந்த ஈரத்தோடு சமாதானமாக இருந்தது. நீங்கள் இருப்பதோ கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,700 மீட்டர் மேலே. அங்கே குளிர்காலம் என்றால் மழையில்லாத காலம். மதிய வேளையில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். அறைக்குள் ஹீட்டரும் போட்டால் இன்னும் மோசம். மரம் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, அகலவாக்கில்தான் சுருங்கும். ஒன்றரை அடி அகலப் பலகை இந்த மாற்றத்தில் நான்கைந்து மில்லிமீட்டர் வரை குறுகக்கூடும். பழைய சட்டங்களில் பலகையைச் சுற்றிலும் ஆணி அடித்திருப்பார்கள். இரண்டு ஓரமும் ஆணியில் மாட்டிக்கொண்டிருக்கும்போது பலகை எப்படிச் சுருங்கும்? நடுவில் பிளந்துகொள்கிறது. நீங்கள் கேட்ட சத்தம் அதுதான். படத்தின் வயது இதற்குக் காரணம் இல்லை, இடமாற்றம்தான் காரணம்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெடிப்பின் காரணம் தெரியாமல் வெடிப்பை அடைத்தால் அடுத்த வெடிப்பை நாமே உண்டாக்குகிறோம். சில வருஷங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு கிருஷ்ணர் படம் என்னிடம் வந்தது. அந்த வீட்டார் ஜூலையில் ஒரு தச்சரை வைத்து, பிளவில் மரத்தூளும் பசையும் கலந்து கெட்டியாக அடைத்துவிட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அக்டோபரில் மழை தொடங்கி, பலகை ஈரம் குடித்து விரிந்தபோது, விரிய இடமில்லை. உள்ளே கல்போல ஒரு ஆப்பு இருந்தது. ஜனவரிக்குள் பலகை வளைந்து, பிளவின் இரு பக்கமும் சுண்ணப் பூச்சு கூரை மாதிரி மேலே எழும்பி, கிருஷ்ணரின் முகம் அந்தக் கூரையில் உடைந்துபோனது. ஜூலையில் முகத்துக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஆகவே உங்கள் பலகையில் இப்போது தெரியும் இடைவெளியை யாரும் இப்போதே அடைக்க விடாதீர்கள்.

'திரும்ப எடுக்கலாம்' என்றால் என்ன அர்த்தம்

கன்சர்வேட்டர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. இன்றைக்கு நாம் சேர்க்கும் எதையும், நாளை இன்னொருவர் மூலப்பொருளுக்குச் சேதமில்லாமல் கழற்றி எடுக்க முடிய வேண்டும் என்பதுதான் அதன் பொருள். உங்கள் படத்தை வைத்தே சொல்கிறேன்.

தஞ்சாவூர்ப் படம் என்பது பலகையில் நேராக வரைந்த படம் அல்ல. பலகை, அதன்மேல் ஒட்டிய துணி, துணிமேல் சுண்ணப்பொடியோ சுக்கான்கல் பொடியோ பசையில் குழைத்துப் பூசிய பூச்சு, அதே கலவையைக் கெட்டியாக்கிப் புடைப்பாக வைத்த மக்கு வேலை, அதில் பதித்த கல், மேலே ஒட்டிய தங்கத்தகடு, கடைசியில் வண்ணம். இத்தனை அடுக்கையும் பிடித்து வைத்திருப்பது புளியங்கொட்டைப் பசை, கோந்து, தோல் காய்ச்சிய பசையான வச்சிரம் போன்றவை. இவை எல்லாமே தண்ணீர் பட்டால் இளகுபவை. ஈரத்துணியால் துடைக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

இப்போது உங்கள் கொழுந்தனார் வைத்த வெள்ளைப் பசையைப் பாருங்கள். அது காய்ந்தபின் தண்ணீரில் முழுவதும் கரையாது, ஊறிப் பிசுபிசுப்பாகும். ஆனால் அதை ஊறவைக்கும் அதே தண்ணீர் அடியிலிருக்கும் சுண்ணப் பூச்சைக் கரைத்துவிடும். பசை போகும் முன் படம் போகும். இதனால்தான் அதைத் திரும்ப எடுக்க முடியாத ஒட்டு என்கிறோம். பசை கெட்டது என்பதல்ல. நாற்காலிக் காலுக்கு அது அருமையான பசை.

இதற்கு மாறாக, பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசினை எடுத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகங்களில் பல பத்தாண்டுகளாகப் புழங்குவது. அது அசிட்டோனில் கரையும், காய்ந்து வருஷங்கள் ஆனபின்னும் கரையும். கோந்தும் வச்சிரமும் அசிட்டோனில் கரையாது. இந்த வித்தியாசம்தான் விஷயமே. சுண்ணப்பொடியை அந்தப் பிசினில் குழைத்து, விழுந்துபோன இடத்தை நிரப்பினால், நாளை ஒருவர் பஞ்சில் அசிட்டோன் தொட்டு நம் வேலையை மட்டும் எடுத்துவிடலாம். தாத்தா வாங்கிய படம் அப்படியே இருக்கும். ஆகவே 'திரும்ப எடுக்கலாம்' என்பது டப்பாமேல் எழுதியிருக்கும் குணம் அல்ல. இந்தப் பசை, இந்தப் படம் என்று இரண்டையும் சேர்த்துத்தான் அதைச் சொல்ல முடியும். உங்கள் படத்தின் மேல் பழைய வார்னிஷ் இருந்தால் அசிட்டோன் அதையே கரைத்துவிடும். அப்போது கணக்கு மாறும். அதனால்தான் ஓரத்தில், ஊசிமுனை அளவு இடத்தில், முதலில் சோதித்துப் பார்க்கிறோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாமே திரும்ப எடுக்கக்கூடியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழும்பிய செதிலுக்கு அடியில் விடும் பசை பூச்சுக்குள் ஊறிவிடும், அதை வெளியே எடுக்க முடியாது. அதற்காகச் செதில் விழட்டும் என்று விட முடியுமா? அங்கே நாம் பார்ப்பது, பிறகு வரும் வேலைக்கு இடைஞ்சல் செய்யாத பசையா என்பதை. சுத்தம் செய்வதோ, ஒருபோதும் திரும்ப எடுக்க முடியாத வேலை. இத்தனை வருஷத்து விளக்குப்புகையும் சூடப்புகையும் படத்தில் இருக்கும். அதைத் துடைக்கும்போது கூடவே வந்துவிட்ட வண்ணத்தை யாராலும் திருப்பி வைக்க முடியாது. பலர் சுத்தம் செய்வதைச் சின்ன வேலை என்றும் ஒட்டுவதைப் பெரிய வேலை என்றும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது நேர்மாறு.

விலை எங்கே போகிறது

வியாபாரி சொன்னதில் பாதி உண்மை. தொட்டாலே விலை போகாது. மூலத்தை மூடினால்தான் போகும்.

பழைய தஞ்சாவூர்ப் படத்தை வாங்குகிறவர் பழைய கையையும் பழைய தங்கத்தையும்தான் வாங்குகிறார். புதுப் படம் வேண்டுமென்றால் புதுப் படமே கிடைக்கிறது. புற ஊதா விளக்கைப் பிடித்தால், பிற்காலத்தில் பூசிய வண்ணம் பெரும்பாலும் பழைய பரப்பிலிருந்து வேறாக, திட்டுத் திட்டாகத் தெரியும். முகமும் புடவையும் அப்படித் திட்டாகத் தெரிந்தால், வாங்குகிறவர் அதை அலங்காரப் படம் என்றுதான் கணக்கில் வைப்பார். அடியில் எவ்வளவு பழசு மிச்சம் என்று அவரால் பார்க்க முடியாது, பார்க்க முடியாததற்குப் பணம் தரமாட்டார். அதே படம், பிளவோடும், இரண்டு இடத்தில் மட்டும் நிரப்பிய வண்ணத்தோடும், எதை எங்கே செய்தோம் என்ற அறிக்கையோடும் இருந்தால், அவருக்குச் சந்தேகம் குறைவு. திரும்ப எடுக்கக்கூடிய வேலை விலையைக் காப்பாற்றுவது இப்படித்தான்: வாங்குகிறவர் வேண்டாமென்றால் அதைக் கழற்றிவிட்டு மூலத்தைப் பார்க்கலாம்.

ஆனால் ஒரு எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். நூறு வருஷம் என்பது மட்டும் விலை ஆகாது. வேலைப்பாடு, மூலம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற கதைக்குச் சான்று, இவைதான் பேசும். தாத்தாவின் கப்பல் பயணச்சீட்டோ, பூஜை அறையில் அந்தப் படம் தெரியும் பழைய குடும்பப் புகைப்படமோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். சட்டத்தின் பின்னால் ஒட்டிய பழைய கடைச் சீட்டு ஏதும் இருந்தால் அதைக் கிழிக்க விடாதீர்கள். பலர் அதை அழுக்கு என்று சுரண்டி எறிந்துவிடுகிறார்கள்.

ஓவியரா, கன்சர்வேட்டரா, சென்னையா

கோயில் ஓவியரைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய மரபில் புதுப்பிப்பதுதான் சேவை. கும்பாபிஷேகத்துக்குக் கோபுரத்துக்கு வண்ணம் பூசுகிறோம், யாரும் பழைய வண்ணத்தைத் தேடி அழுவதில்லை. படம் பூஜைக்கு மட்டும்தான், விற்கும் எண்ணமே இல்லை, பழைய வண்ணம் உங்களுக்கு முக்கியமில்லை என்றால் அவரிடம் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு கொடுங்கள்: அவர் முடித்தபின், உங்கள் பாட்டி தினமும் பார்த்துக் கும்பிட்ட அந்தச் சீதையின் முகம் இருக்காது. பின்னமான படம் பற்றிய சாஸ்திரத்தை உங்கள் குருக்களிடம் கேளுங்கள், அது என் துறை அல்ல. என்னிடம் வந்த சில குடும்பங்கள், பூஜை அறையில் வேறொரு படத்தை வைத்துவிட்டு, பழையதை ஹாலில், விளக்குப்புகை படாத உட்சுவரில் மாட்டினார்கள். படத்துக்கும் அது நல்லது.

சென்னை யோசனையில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அங்கே இந்த வகைப் படங்களை அறிந்த நல்ல கைகள் உண்டு, அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தியாவின் 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷம் கடந்த ஓவியத்தைத் தனியார் யாரும் நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்ய முடியாது. உங்கள் படம் 1920களில் வாங்கியது என்றால், வரைந்தது அதற்கும் முன்னால். பழுதுபார்க்க எடுத்துப்போனதுதான் என்று திரும்பும்போது சொல்லி விமான நிலையத்தில் நிரூபிப்பது எளிதல்ல. போகும்போதே காகிதங்களைச் சரியாகச் செய்ய ஒரு வழக்கறிஞரைப் பிடிக்காமல் படத்தை விமானத்தில் ஏற்ற வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். விமானத்தின் வறண்ட காற்றும் எழும்பிய செதில்களுக்கு ஆகாது.

கன்சர்வேட்டர் எப்போது தேவை? சட்டத்தின் தூசியைத் தட்ட, மாட்டும் கம்பியை மாற்ற, இடம் மாற்றி வைக்க அவர் தேவையில்லை. பரப்பு எழும்பியிருந்தால், துண்டு விழுந்தால், புதுத்தூள் சிந்தினால், கண்ணாடியோடு வண்ணம் ஒட்டிக்கொண்டிருந்தால், யாரோ ஏற்கெனவே ஏதோ ஒட்டியிருந்தால் அவரைத்தான் கூப்பிட வேண்டும். இதில் மூன்று உங்களுக்குப் பொருந்துகிறது, நான்காவது இருக்கலாம். ஆகவே இப்போதே கூப்பிடுங்கள். 1,500 ரேண்ட் வீண் செலவு இல்லை. பார்த்து எழுதித் தரும் அந்த அறிக்கை, வேலையை அவரிடமே கொடுக்காவிட்டாலும், காப்பீட்டுக்கும் அடுத்த ஆளுக்கும் பயன்படும்.

அவரிடம் கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். பலகை ஓவியத்தில் வேலை செய்திருக்கிறாரா? காகிதத்தில் கெட்டிக்காரர் பலகையிலும் கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. எங்கே படித்தார்? பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே முதுகலைப் படிப்பு இருக்கிறது. வெளிநாட்டில் பயின்றவர்களும் இங்கே உண்டு. எந்தப் பொருளை எங்கே பயன்படுத்துவார், அதை எதனால் எடுக்கலாம் என்று பெயரோடு எழுதித் தருவாரா? 'ஸ்பெஷல் பசை' என்று மட்டும் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். முன்னும் நடுவிலும் பின்னும் படம் எடுத்துத் தருவாரா? கடைசியாக ஒன்று: பழுதுபார்க்கிறவரே 'எனக்கே விற்றுவிடுங்கள்' என்று விலை சொன்னால் அங்கே வைக்காதீர்கள். விலை மதிப்பிடுவது வேறு ஆளின் வேலை.

வேலை எப்படிப் போகும்

உங்கள் படம் என் மேசைக்கு வந்தால், முதல் சில வாரங்கள் நான் ஒட்டவே மாட்டேன். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி நிற்கும் அறையில் கிடத்திவைத்து, பிளவின் அகலத்தை ஒரே இடத்தில் வாரம் ஒருமுறை அளப்பேன். பெரும்பாலும் அது தானாகவே குறுகும். பாதியாகக் குறுகினால் ஆச்சரியப்பட மாட்டேன். அதற்கு முன்பே அவசரமானது செதில்கள். நீர்த்த மீன்பசையை மெல்லிய தூரிகையால் செதிலுக்கு அடியில் ஒரு சொட்டு விட்டு, மெல்லிய தாள் வைத்து, இளஞ்சூடான கரண்டியால் மெதுவாகப் படியவைக்க வேண்டும். பசையில் தண்ணீர் உண்டு, அதனால் ஒரு சொட்டுக்கு மேல் விடக் கூடாது. கொழுந்தனார் வைத்த பசையை உருப்பெருக்கிக்கு அடியில் கரைப்பான் தொட்டு மென்மையாக்கி, கத்திமுனையால் முடிந்த அளவு இழை இழையாக எடுப்போம். எங்கேயாவது அது வண்ணத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால், அங்கே அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது. அவரைக் கோபிக்காதீர்கள். ஒரே இடத்தோடு நிறுத்திக்கொண்டாரே, அது போதும்.

பிறகு சட்டத்தின் ஆணிகளை எடுத்து, பலகை இரு பக்கமும் நகர இடம்விட்டு, வளையும் பட்டைகளால் பிடித்து வைப்போம். பிளவை நான் அநேகமாகத் திறந்தே விடுவேன். பின்னால் ஒரு மூடுபலகை வைத்தால் அறையின் ஈரம் மாறினாலும் படத்துக்கு அது மெதுவாகத்தான் போய்ச் சேரும். விழுந்த இடங்களை மட்டும் நிரப்பி, அந்த எல்லைக்குள் மட்டும் வண்ணம் தொடுவோம். தங்கம் போன இடத்தில் புதுத்தங்கம் பளபளக்க வைக்காமல், தூரத்திலிருந்து பார்த்தால் கண் தடுக்காத மங்கலான நிறம் போதும்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, முகம் மேலே பார்க்கும்படி ஒரு மேசையில் கிடத்துங்கள். ஹீட்டருக்கும் வெயில் விழும் ஜன்னலுக்கும் தள்ளி வையுங்கள். ஈரப்பதம் கூட்டுகிறேன் என்று பக்கத்தில் ஆவிபிடிக்க வேண்டாம், திடீர் மாற்றம்தான் எதிரி. கண்ணாடி போட்டிருந்தால் அதைக் கழற்றாதீர்கள், டர்பன் ஈரத்தில் வண்ணம் கண்ணாடியில் ஒட்டியிருக்கலாம், தூக்கினால் முகத்தோடு வரும். செல்லோடேப் போடாதீர்கள். இருட்டில் ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுத்து வையுங்கள், எழும்பிய இடமெல்லாம் நிழலாகத் தெரியும். கன்சர்வேட்டருக்கு அதை அனுப்பினால் அவசரம் எவ்வளவு என்று அவருக்கே புரியும். விழுந்த துண்டுகளைத் தாளில் மடித்து, எந்த இடத்தில் கிடந்தது என்று மேலே எழுதி, சிறு டப்பாவில் போட்டுப் படத்தோடு கொண்டுபோங்கள். கடுகளவு துண்டையும் குப்பையில் போடாதீர்கள். அவற்றில் பல, திரும்பத் தன் இடத்திலேயே போய் உட்காரும்.